உள் குறிப்பு: ஃபினிஷிங் பிரிவுக்குப் புதிய ஏர் கம்ப்ரசர் – மூலதனச் செலவு ஒப்புதல் கோரிக்கை

பெறுநர்: நிதிப் பிரிவு
அனுப்புநர்: பராமரிப்புப் பிரிவு, அலகு 2, சிப்காட், ராணிப்பேட்டை
நகல்: ஆலை மேலாளர், ஃபினிஷிங் பிரிவுப் பொறுப்பாளர், கொள்முதல் பிரிவு
நாள்: 12.06.2025

கேட்பது

தோல் ஃபினிஷிங் பிரிவின் இரண்டு 30 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரசர்களுக்குப் பதிலாக, தேவைக்கேற்ப வேகம் மாறும் ஒரு 30 கிலோவாட் வி.எஃப்.டி. ஸ்க்ரூ கம்ப்ரசரும் ஏர் டிரையரும் வாங்க ரூ.13.40 லட்சம், காற்றுக் குழாய்களில் உள்ள கசிவை அடைக்க ரூ.0.85 லட்சம். மொத்தம் ரூ.14.25 லட்சம், ஜி.எஸ்.டி. நீங்கலாக. 18% ஜி.எஸ்.டி. சேர்த்துக் கையை விட்டுப் போகும் பணம் ரூ.16.82 லட்சம்.

கசிவு வேலைக்கு மட்டும் இந்த வாரமே ஒப்புதல் தேவை. கம்ப்ரசருக்கு ஜூன் 30-க்குள் கிடைத்தால் போதும்.

இப்போதைய நிலை

முதல் கம்ப்ரசர் 2009-இல் வாங்கியது, இரண்டாவது 2011-இல். பெயர்ப்பலகையின்படி ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 110 கன அடி (சி.எஃப்.எம்.) காற்று தர வேண்டும். உண்மையில் எவ்வளவு தருகின்றன என்பதை ரிசீவர் டேங்க் நிரப்பும் சோதனையில் பார்த்தோம். டேங்கும் வால்வு வரையுள்ள குழாயும் சேர்ந்து 1.05 கன மீட்டர். வெளிவால்வை மூடி, பூஜ்யத்திலிருந்து 7 கிலோ அழுத்தம் வரை ஏற முதல் கம்ப்ரசருக்கு 2 நிமிடம் 54 விநாடி, இரண்டாவதற்கு 2 நிமிடம் 39 விநாடி ஆனது. உள்ளிழுக்கும் காற்று 36 டிகிரி, டேங்கில் 52 டிகிரி. அந்த வெப்ப வித்தியாசத்தையும் கழித்தால் கிடைப்பது:

| | முதல் கம்ப்ரசர் | இரண்டாவது கம்ப்ரசர் |
|---|---|---|
| தரும் காற்று (சி.எஃப்.எம்.) | 82 | 90 |
| லோடில் இழுக்கும் மின்சாரம் (கிலோவாட்) | 22.4 | 22.0 |
| 100 சி.எஃப்.எம். காற்றுக்குக் கிலோவாட் | 27.2 | 24.4 |
| லோடில் இருக்கும் நேரம் | 86% | 64% |

புதிய ஸ்க்ரூ கம்ப்ரசர் இதே 100 சி.எஃப்.எம்.-க்கு 18.5 முதல் 19.5 கிலோவாட்தான் எடுக்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்து, வால்வுத் தகடு சரியாக உட்காராதபோது, அழுத்திய காற்றில் ஒரு பகுதி சிலிண்டருக்கே திரும்பிப் போகிறது. மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் ஆம்பியர் மீட்டரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அன்லோடில் சும்மா சுற்றும்போதும் ஒவ்வொன்றும் 7 கிலோவாட் இழுக்கிறது. தனி மீட்டரில் எடுத்த அளவுப்படி இரண்டும் சேர்ந்து நாளுக்குச் சராசரி 590 யூனிட். இரண்டு ஷிஃப்ட், 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,77,000 யூனிட்.

முதலில் கசிவு

எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு இரண்டாவது கம்ப்ரசரை மட்டும் ஓட்டினோம். காற்றைப் பயன்படுத்த யாருமில்லாத நிலையிலும் அது 1.4 நிமிடம் லோடு, 3.5 நிமிடம் அன்லோடு என மாறி மாறி ஓடியது. அதாவது சுமார் 26 சி.எஃப்.எம். காற்று வீணாகப் போகிறது. சராசரித் தேவையான 129 சி.எஃப்.எம்.-இல் இது ஐந்தில் ஒரு பங்கு.

சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்ததில் பெரிய கசிவுகள் மூன்று இடங்களில் உள்ளன: டஸ்ட்-ஆஃப் இயந்திரத்தின் சொலினாய்டு வால்வுகள், இரண்டாம் ஸ்ப்ரே லைனின் ஹோஸ் இணைப்புகள், பிளேட்டிங் பிரஸ்ஸுக்குப் போகும் பழைய ஜி.ஐ. குழாயின் திருகு மூட்டுகள். தானியங்கி டிரெயின் ஒன்று திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. வால்வு, ஹோஸ், கப்ளிங், 40 மீட்டர் குழாய் மாற்றம் எல்லாம் சேர்த்து ரூ.85,000. கசிவு 10 சி.எஃப்.எம்.-க்கு இறங்கினால் நாளுக்கு 43 யூனிட் மிச்சம், ஆண்டுக்கு ரூ.1.05 லட்சம். பத்து மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

இதைத் தனியாகக் காட்டக் காரணம் உண்டு. கசிவோடு சேர்த்து அளவெடுத்திருந்தால் 37 கிலோவாட் கம்ப்ரசர் கேட்டிருப்போம். கசிவில் கிடைக்கும் மிச்சமும் புதிய கம்ப்ரசரின் கணக்கில் ஏறி, மீட்புக் காலம் அழகாகத் தெரிந்திருக்கும். விற்பனையாளர்கள் கொடுத்த கணக்குகள் அப்படித்தான் இருந்தன. எனவே கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் கசிவை அடைத்த பிறகான நிலையிலிருந்து தொடங்குகிறது: சராசரித் தேவை 113 சி.எஃப்.எம்., உச்சம் 155, ஆண்டு மின்செலவு 1,64,000 யூனிட்.

ஒப்பீடு

யூனிட் விலை ரூ.8.20 என்று எடுத்திருக்கிறோம். கடந்த 12 மாத உயரழுத்த மின்கட்டண ரசீதுகளின் சராசரி இது. உச்ச நேரக் கூடுதல் கட்டணமும் மின் வரியும் சேர்ந்தது. டிமாண்ட் கட்டணம் இதில் இல்லை. ஒப்பந்த டிமாண்டைக் குறைக்கும் எண்ணம் இப்போது இல்லாததால் அங்கே மிச்சம் காட்டுவது சரியாகாது. தொகைகள் லட்சத்தில், ஜி.எஸ்.டி. நீங்கலாக.

| | அ. பழையதை ஓவர்ஹால் செய்வது | ஆ. நிலையான வேக ஸ்க்ரூ, 30 கிலோவாட் | இ. வி.எஃப்.டி. ஸ்க்ரூ, 30 கிலோவாட் |
|---|---|---|---|
| கம்ப்ரசர் / உதிரி பாகங்கள் | 3.60 | 6.90 | 9.10 |
| டிரையர், ஃபில்டர், குழாய், கேபிள், காற்றோட்ட டக்ட் | – | 4.30 | 4.30 |
| முதல் கம்ப்ரசர் விற்பனை | – | –0.80 | –0.80 |
| நிகர முதலீடு | 3.60 | 10.40 | 12.60 |
| ஆண்டு மின்செலவு (யூனிட்) | 1,51,000 | 1,22,400 | 1,05,000 |
| மின்கட்டண மிச்சம் | 1.07 | 3.41 | 4.84 |
| பராமரிப்பு மிச்சம் | – | 0.50 | 0.50 |
| டிரையரின் மின்செலவு | – | –0.39 | –0.39 |
| ஆண்டு நிகர மிச்சம் | 1.07 | 3.52 | 4.95 |
| மீட்புக் காலம் | 40 மாதம் | 35 மாதம் | 31 மாதம் |

4.30 லட்சத்தின் பிரிவு: டிரையர் 1.60, ஃபில்டர்கள் 0.35, குழாய் வேலை 1.20, கேபிளும் சுவிட்ச் ஃப்யூஸும் 0.70, தளமும் டக்ட்டும் 0.45. இருக்கிற ரிசீவர் டேங்கையே பயன்படுத்துவோம்; ஹைட்ரோ சோதனை மட்டும் செய்ய வேண்டும்.

ஆ-வுக்கும் இ-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகப் பாருங்கள். கூடுதலாகப் போடும் ரூ.2.20 லட்சம் ஆண்டுக்கு ரூ.1.43 லட்சம் கொண்டு வருகிறது. அந்தக் கூடுதல் தொகை 19 மாதத்தில் திரும்பும். எங்கள் காற்றுத் தேவை சீராக இல்லாததே இதற்குக் காரணம். தோல் வரும்போது ஸ்ப்ரே துப்பாக்கிகள் திறக்கும், இடைவெளியில் மூடும். டஸ்ட்-ஆஃப் ஓடினால் தேவை திடீரென ஏறும். நிலையான வேக இயந்திரம் ஓடும் நேரத்தில் ஏறக்குறைய 38% அன்லோடில் சுற்றும், அப்போதும் 10 கிலோவாட் இழுக்கும். தேவை எப்போதும் 90%-க்கு மேல் இருக்கும் ஆலையாக இருந்தால் ஆ-வையே கேட்டிருப்போம், அங்கே வி.எஃப்.டி. டிரைவின் சொந்த இழப்பு 2–3% வீண்.

மூடிய ஆலை ஒன்றிலிருந்து பழைய ஸ்க்ரூ கம்ப்ரசர் ரூ.4 லட்சத்துக்கு வந்தது. காற்றை அழுத்தும் பாகமான ஏர்-எண்ட் ஓடிய மணிக்கணக்குக்கு ஆதாரம் இல்லை. ஏர்-எண்ட் போனால் புதிய இயந்திர விலையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். விட்டுவிட்டோம்.

கணக்கில் சேர்க்காதது

இப்போது டிரையர் இல்லை. தேய்ந்த ரிங் வழியே எண்ணெயும், குழாயில் குளிரும் நீரும் துப்பாக்கி வரை போகின்றன. மேல்கோட்டில் விழும் புள்ளியும் குழியும் பெரும்பாலும் இதனால்தான். மறுவேலைப் பதிவேட்டில் கடந்த ஆறு மாதச் சராசரி மாதம் 1,900 சதுர அடி. சதுர அடிக்கு ரூ.9 வீதம் ஆண்டுக்கு ரூ.2.05 லட்சம். இதில் பாதி குறைந்தாலே மீட்புக் காலம் 25 மாதமாகும். எல்லாப் புள்ளிக்கும் காற்றுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாததால் அட்டவணையில் சேர்க்கவில்லை. 2023-இலும் 2024-இலும் நடந்ததுபோல ஜூலையில் மின்கட்டணம் ஏறினாலும் மிச்சம் கூடும், அதையும் சேர்க்கவில்லை.

எங்கே கணக்கு தவறும்

ஆர்டர் குறைந்து ஒரே ஷிஃப்ட் ஆனால் ஆண்டு மிச்சம் ரூ.2.47 லட்சமாக இறங்கும். மீட்புக் காலம் ஐந்து ஆண்டைத் தாண்டும். விற்பனைப் பிரிவின் அடுத்த ஆண்டு மதிப்பீட்டை நிதிப் பிரிவு இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

31 மாதம் என்பது வட்டி சேராத எளிய கணக்கு. 10.5% வட்டிக் கடனில் வாங்கினால் மூன்று ஆண்டு ஒன்றரை மாதம்.

இன்னொன்று வெப்பம். கத்திரி வெயிலில் இங்கே நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். கம்ப்ரசர் அறையின் சூடான காற்று வெளியேறாமல் சுழன்றால் எண்ணெய் வெப்பம் ஏறி இயந்திரம் தானாக நின்றுவிடும். டக்ட்டுக்கான தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பஃபிங் தூசு கூலரை அடைக்கும் என்பதால் பஃபிங் பக்கச் சுவரை ஒட்டிய பழைய அறையைத் தவிர்த்து, வடக்குப் பக்க ஷெட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். வி.எஃப்.டி. டிரைவ் மின்னழுத்தத் தாழ்வில் டிரிப் ஆகலாம். அதற்காகவும், சர்வீஸ் நாட்களுக்காகவும் இரண்டாவது பிஸ்டன் கம்ப்ரசரை விற்காமல் வைக்கிறோம். அதன் ஆண்டுப் பராமரிப்பு ரூ.25,000 பராமரிப்புக் கணக்கில் ஏற்கெனவே உள்ளது.

வரியும் கால அளவும்

ஏற்றுமதிக்கான ஜி.எஸ்.டி. ரீஃபண்டில் மூலதனப் பொருட்களின் உள்ளீட்டு வரி சேராது. எனவே ரூ.2.57 லட்சத்தை ஆம்பூர், வாணியம்பாடி காலணி ஆலைகளுக்கான உள்நாட்டு விற்பனை வரியில்தான் ஈடு செய்ய முடியும். எத்தனை மாதத்தில் முடியும் என்பதை நிதிப் பிரிவே சொல்ல வேண்டும்.

இயந்திரம் இந்த நிதியாண்டில் 180 நாளாவது பயன்பாட்டில் இருந்தால்தான் 15% தேய்மானம் முழுதாகக் கிடைக்கும், தவறினால் பாதி. அதற்கு அக்டோபர் 3-க்குள் ஓட வேண்டும். டெலிவரிக்கு 7–8 வாரம். ஜூலை முதல் வாரம் ஆர்டர் போனால், செப்டம்பர் 5 மிலாது நபி விடுமுறையை ஒட்டிய மூன்று நாளில் குழாய் இணைப்பை மாற்றிவிடலாம். ஒப்புதல் ஆகஸ்டுக்குத் தள்ளினால் இது நடக்காது.

கொள்முதல் நிபந்தனைகள்

கம்ப்ரசர் விலையில் 20% ஆர்டருடன், 60% அனுப்பும் முன், 20% (ரூ.1.82 லட்சம்) சோதனைக்குப் பின். சோதனை எங்கள் தளத்தில், எங்கள் மீட்டரில்: 113 சி.எஃப்.எம்., 7 கிலோ அழுத்தத்தில், விசிறியும் டிரைவும் சேர்த்து 100 சி.எஃப்.எம்.-க்கு 20 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. கேட்லாக் எண்களில் பலர் மோட்டார் ஷாஃப்ட் பவரை மட்டும் காட்டுவார்கள்; ஆர்டரில் "மொத்த பேக்கேஜ் உள்ளீட்டு மின்சாரம்" என்று எழுத வேண்டும். 4,000 மணி நேர சர்வீஸ் உதிரிகளின் விலையை மூன்று ஆண்டுக்கு இப்போதே நிர்ணயிக்க வேண்டும்.

இணைப்புகள்: டேங்க் நிரப்பும் சோதனைத் தாள், தனி மீட்டர் பதிவு, மூன்று விலைப்புள்ளிகள், மறுவேலைப் பதிவேட்டின் நகல், கசிவு இடங்கள் குறித்த வரைபடம்.