பட்டாவில் குறைந்துள்ள 10 ஏர்ஸ் நிலத்தைத் திருத்தித் தரக் கேட்டு மனு

நாள்: 14.07.2025

வட்டாட்சியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. நான் கீழப்புதூர் கிராமம், கிழக்குத் தெருவில் இருக்கும் பூங்கொடி, காலமான ராமசாமியின் மகள். என் பெயரிலும் என் தம்பி முருகேசன் பெயரிலும் உள்ள கூட்டுப் பட்டா எண் 318-இல், புல எண் 142/3-க்கு விஸ்தீரணம் 0.50.0 ஹெக்டேர் என்று இருக்கிறது. அது 0.60.0 என்று இருக்க வேண்டும். அதைத் திருத்தித் தரும்படி கேட்டுத்தான் இந்த மனு.

இந்த நிலத்தை எங்கள் தாத்தா 1962-இல் கிரயம் வாங்கினார். பத்திரத்தில் 1 ஏக்கர் 48 செண்ட் என்று எழுத்தாலும் எண்ணாலும் தெளிவாக இருக்கிறது, பழைய செட்டில்மெண்ட் அ-பதிவேட்டிலும் அதே 1.48 தான். மெட்ரிக் அளவுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 60 ஏர்ஸ் வரும். ஆனால் யு.டி.ஆர். அ-பதிவேட்டில் 0.50.0 என்று ஏறிவிட்டது, அதைப் பார்த்து கம்ப்யூட்டர் சிட்டாவிலும் அப்படியே வந்துவிட்டது. ஏறக்குறைய இருபத்து நாலரை செண்ட் காகிதத்தில் இல்லை. நிலத்தில் இருக்கிறது ஐயா, கல்லும் வரப்பும் தாத்தா காலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, முழுவதையும் இன்றுவரை நாங்கள்தான் உழுது பயிர் செய்கிறோம்.

பக்கத்துக்காரர் நிலத்தைக் கேட்பதாக நினைத்துவிடக் கூடாது என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். புல எண் 142-இன் மொத்தப் பரப்பு பழைய பதிவேட்டில் 4 ஏக்கர் 20 செண்ட், அதாவது 1.70.0 ஹெக்டேர். இதில் 142/1-க்கு 0.70.0, 142/2-க்கு 0.40.0, இரண்டும் அவரவர் பத்திரத்தோடு சரியாகப் பொருந்துகின்றன. மீதி 0.60.0 எங்களுடையதாகத்தான் இருக்க முடியும். இப்போது பதிவேட்டில் உள்ளபடி மூன்றையும் கூட்டினால் 1.60.0 தான் வருகிறது, ஆக அந்த 10 ஏர்ஸ் யார் பட்டாவிலும் இல்லை, புறம்போக்கிலும் சேரவில்லை. eservices.tn.gov.in தளத்தில் எடுத்த புலப்படத்தை ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவரிடம் காட்டினோம், அவர் அதிலுள்ள அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதும் 60 ஏர்ஸ்தான் வந்தது. எழுதும்போது 6 என்பது 5 ஆகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்பா இருந்தவரை வரியைக் கட்டினோம், பயிர் செய்தோம், பட்டாவில் என்ன எண் என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அவர் இறந்து பெயர் மாற்றம் ஆன பிறகு, நானும் தம்பியும் பாகம் பிரித்துக்கொள்ளலாம் என்று போனபோதுதான் தெரிந்தது. பட்டாவில் உள்ள அளவுக்குத்தான் பத்திரம் போட முடியும் என்கிறார்கள். இந்த நிலையில் உட்பிரிவு செய்தால் தவறு இரண்டு பட்டாவாகப் பெருகிவிடும், அப்புறம் எங்கள் பிள்ளைகள்தான் அலைய வேண்டியிருக்கும். பயிர்க்கடனுக்கும் அடங்கலில் உள்ள 0.50.0-ஐத்தான் பார்க்கிறார்கள், விதைத்தது ஒரு அளவு, கடன் கிடைப்பது வேறொரு அளவு.

2024 ஜூனில் நடந்த 1433-ஆம் பசலி ஜமாபந்தியில் இதே கோரிக்கையை மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். ஓராண்டுக்கு மேல் ஆகியும் ஒரு வரி பதில் இல்லை. கேட்டால் யு.டி.ஆர். தவறு, மேலே போக வேண்டும் என்று வாயால் சொல்கிறார்கள், ஆனால் காகிதம் மேலே போனதா என்று எனக்குத் தெரியவில்லை. கூலி ஆளை வயலில் விட்டுவிட்டு ஆறு தடவை அலுவலகத்துக்கு வந்து போயிருக்கிறேன் ஐயா.

அதனால் நான் கேட்பது இதுதான். நில அளவரை அனுப்பி, 142/1, 142/2 உரிமையாளர்களுக்கும் முன்கூட்டி அறிவிப்பு கொடுத்து, அவர்கள் முன்னிலையிலேயே அளந்து பாருங்கள். அதற்கான கட்டணத்தைக் கட்டத் தயாராக இருக்கிறேன். அளவு சரியாக இருந்தால் அ-பதிவேடு, சிட்டா, அடங்கல் மூன்றிலும் 0.60.0 என்று திருத்தி உத்தரவு போடுங்கள். திருத்தும் அதிகாரம் உங்களுக்கு மேல் உள்ள கோட்டாட்சியரிடமோ மாவட்ட வருவாய் அலுவலரிடமோ இருந்தால், உங்கள் அறிக்கையோடு கோப்பை அங்கே அனுப்பி, அனுப்பிய கடிதத்தின் நகலை எனக்குக் கொடுங்கள். முடியாது என்றாலும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், நான் மேல்முறையீடு செய்ய அது வேண்டும்.

1962 கிரயப் பத்திரம், பழைய அ-பதிவேட்டு நகல், யு.டி.ஆர். அ-பதிவேட்டு நகல், இன்றைய சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, அப்பாவின் வாரிசுச் சான்று, ஜமாபந்தி ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்து இணைத்திருக்கிறேன். அசல் பத்திரத்தை விசாரணை நாளில் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். தம்பி திருப்பூரில் வேலையில் இருக்கிறான், அவனுடைய சம்மதக் கடிதமும் உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
ரா. பூங்கொடி
கீழப்புதூர்