அக்டோபர் 27–29 காணொளிக் கூட்டம்: மூன்று நேரங்களும் இறுதி முடிவும்

முதல் மின்னஞ்சல்
சென்னை, 12 அக்டோபர் 2026, திங்கட்கிழமை
பொருள்: ஒலிப்பதிவு குறித்த கூட்டம் – நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன்

அன்புள்ள சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ, மெல்பர்ன் நண்பர்களுக்கு,

வணக்கம். சிறுவர் தமிழ்ச் செயலியின் மூன்றாம் நிலைப் பாடங்களுக்கு யார் குரல் கொடுப்பது, பயிற்சிகளில் எவற்றை இந்தப் பதிப்பிலேயே சேர்ப்பது ஆகிய இரண்டையும் நாம் அனைவரும் பேசி முடிவு செய்தாக வேண்டும். நவம்பர் 8 தீபாவளி என்பதால் அதற்கு முன் ஒலிப்பதிவுக் கூடத்தில் நாள் வாங்க வேண்டியிருக்கிறது. எனவே அக்டோபர் கடைசி வாரத்தைத் தாண்ட இயலாது. கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நேரம் குறிப்பதில் இம்முறை ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டனில் அக்டோபர் 25, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்துகிறார்கள். கனடாவின் டொராண்டோவிலோ அந்த மாற்றம் நவம்பர் 1 அன்றுதான் வருகிறது. ஆகவே இடைப்பட்ட அந்த வாரத்தில் மட்டும் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வழக்கமான ஐந்து மணி நேரத்துக்குப் பதிலாக நான்கு மணி நேர வித்தியாசமே இருக்கும். நீங்கள் மனக்கணக்காகப் போடுவதை விட, கீழே தந்துள்ள உள்ளூர் நேரங்களையே பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் நேரம், அக்டோபர் 27, செவ்வாய்: டொராண்டோவில் காலை 8.00, லண்டனில் நண்பகல் 12.00, சென்னையில் மாலை 5.30, சிங்கப்பூரில் இரவு 8.00.

இரண்டாம் நேரம், அக்டோபர் 28, புதன்: டொராண்டோவில் காலை 9.00, லண்டனில் பிற்பகல் 1.00, சென்னையில் மாலை 6.30, சிங்கப்பூரில் இரவு 9.00.

மூன்றாம் நேரம், அக்டோபர் 29, வியாழன்: டொராண்டோவில் காலை 7.00, லண்டனில் முற்பகல் 11.00, சென்னையில் மாலை 4.30, சிங்கப்பூரில் இரவு 7.00.

மூன்றில் எதுவும் எல்லாருக்கும் வசதியானதன்று என்பதை அறிவேன். சிங்கப்பூருக்கு எளிதாக்கினால் டொராண்டோ விடியுமுன் எழ வேண்டியிருக்கிறது. டொராண்டோவுக்கு எளிதாக்கினால் சிங்கப்பூரில் இரவு நீள்கிறது. என் விருப்பம் முதல் நேரமே, எனினும் அதை யார் மீதும் திணிக்க எண்ணவில்லை. மெல்பர்னில் அது இரவு 11.00 என்பதால் அங்குள்ளவர் நேரில் கலந்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டு கேள்விகளுக்குமான கருத்தை முந்தைய நாளுக்குள் எழுதி அனுப்பினால், கூட்டத்தின் தொடக்கத்திலேயே அதை வாசித்துவிடுவேன்.

உங்களால் இயலும் நேரங்கள் அனைத்தையும், அறவே இயலாததையும் அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை, சென்னை நேரம் மாலை 6.00 மணிக்குள் தெரிவியுங்கள். அது அன்று சிங்கப்பூரில் இரவு 8.30, லண்டனில் பிற்பகல் 1.30, டொராண்டோவில் காலை 8.30. அதற்குள் பதில் வராத நண்பருக்கு மூன்றுமே ஏற்புடையவை என்று கொள்வேன்.

அன்புடன்,
பாட ஒருங்கிணைப்பாளர், சென்னை

இரண்டாம் மின்னஞ்சல்
சென்னை, 17 அக்டோபர் 2026, சனிக்கிழமை
பொருள்: உறுதியானது – அக்டோபர் 27, செவ்வாய், சென்னை நேரம் மாலை 5.30

அன்புள்ள நண்பர்களுக்கு,

விரைவில் பதில் அளித்தமைக்கு நன்றி. லண்டன் நண்பருக்கு வியாழக்கிழமை இயலவில்லை, சிங்கப்பூர் நண்பர்கள் இரவு 9.00 மணியைத் தவிர்க்க விரும்பினர், டொராண்டோவில் இருவரும் காலை 8.00 மணிக்கு ஒப்புக்கொண்டனர். எனவே கூட்டம் அக்டோபர் 27, செவ்வாய்க்கிழமை அன்று நடைபெறும்: டொராண்டோ காலை 8.00, லண்டன் நண்பகல் 12.00, சென்னை மாலை 5.30, சிங்கப்பூர் இரவு 8.00. நான்கு ஊர்களிலும் அன்று ஒரே தேதிதான்.

இந்த நேரத்துக்கான காலண்டர் அழைப்பை இப்போதே அனுப்பியுள்ளேன். ஜூம் இணைப்பு அதிலேயே உள்ளது. அழைப்பைத் திறந்ததும் உங்கள் ஊர் நேரம் மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள், ஒரு மணி நேரம் மாறித் தெரிந்தால் உடனே எனக்குத் தெரிவியுங்கள். குரல் மாதிரிகள் மூன்றும் 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை உங்களுக்கு வந்துவிடும். கூட்டத்தில் அவற்றை ஒலிக்கவிட நேரமிராது என்பதால் முன்பே கேட்டுவிட்டு வர வேண்டுகிறேன். மெல்பர்ன் நண்பரின் கருத்து 26ஆம் தேதி, மெல்பர்ன் நேரம் இரவு 10.00 மணிக்குள் கிடைத்தால் போதும். கூட்டத்தின் பதிவையும் முடிவுகளையும் மறுநாள் அவருக்கு அனுப்புவேன்.

இதே நேரத்தில் நவம்பர் 3 அன்று தொடர் கூட்டம் தேவைப்பட்டால், அப்போது டொராண்டோவில் காலை 7.00 ஆகிவிடும். ஆகவே அதற்கான நேரத்தை இந்தக் கூட்டத்தின் முடிவில் தனியாகப் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
பாட ஒருங்கிணைப்பாளர், சென்னை