பதினோரு மணி ரவுண்டு

குவாலிட்டி இன்சார்ஜ் ஆனதும் எனக்கு ஒரு கண்ணாடிக் கேபின் கொடுத்தார்கள். மல்லிகா அக்காவை அதற்குள் கூப்பிட்டால் ஆறு லைன் டெய்லர்களும் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் பொழுதோட டீ மணி அடித்ததும் அக்சஸரீஸ் ஸ்டோருக்கு வரச் சொன்னேன். லேபிள் பெட்டி இரண்டை இழுத்துப் போட்டு, டீயும் நானே வாங்கி வைத்திருந்தேன்.

"உக்காருங்க்கா."

"பரவால்லீங் மேடம். நின்னுக்கறேன்."

லைன் லைனாகப் போய்த் தையல் பார்க்கிற ரவுண்டை ஏழு வருஷம் என்னோடு ஒட்டுக்கா போன ஆள். போன மாதம் வரைக்கும் நான் அவருக்கு 'அம்மிணி'.

"டீ ஆறிரும்க்கா. உக்காருங்க."

உட்கார்ந்தார். டம்ளரைத் தொடவில்லை.

நலம் விசாரித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். ஆனால் அவர் எழுதிய ரவுண்டு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தங்கச்சி மகளைப் பற்றிக் கேட்டால் அது தூண்டில் போடுவது மாதிரி இருக்கும். நேராகவே ஆரம்பித்தேன்.

"நாலாம் லைன், ஷோல்டர் ஜாயிண்ட், பதினோரு மணி ரவுண்டு. ஏழு பீஸ் பாத்து ஏழும் ஓகேன்னு எழுதியிருக்கறீங்க. பச்சைக் கார்டு தொங்குது. மத்தியானம் செக்கிங்ல 340 பீஸ் நிக்குதுங்க்கா. மொபிலான் டேப் தையலுக்குள்ள புடிக்கவே இல்ல. தோளைச் சித்த இழுத்தா டேப் தனியா வருது."

"டேப் கைடு நகந்திருக்கும். அது மெக்கானிக் பாக்கற வேல."

"நகந்துதான் இருந்துச்சு. ஆனா பண்டில் நம்பர் வெச்சுப் பாத்தா ஒம்பதரைக்குத் தெச்சதுலயே இருக்குது. பதினோரு மணிக்கு நீங்க நாலாம் லைனுக்குப் போனீங்களா?"

"இன்சார்ஜ் கேட்டா சொல்லித்தான ஆகோணும்."

"ஆமாங்க்கா, இன்சார்ஜாத்தான் கேக்கறேன். போனீங்களா?"

கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார்.

"போகல. அஞ்சாம் லைன்ல புதுப் புள்ள ஒண்ணு நெக் ரிப்பை இழுத்து இழுத்துத் தெச்சுட்டு இருந்துச்சு. காமிச்சுட்டு நிமிந்தா பன்னண்டு ஆயிருச்சு. நாலாம் லைன்ல எப்பவும் ஒழுங்காத் தெக்கற ஆளுதானேன்னு எழுதிட்டேன்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏன், நீ எழுதுனதே இல்லியா?"

நம் பழைய சீட்டெல்லாம் பார்த்த ஆளிடம் பேசும்போது இது வரத்தான் செய்யும்.

"எழுதியிருக்கறேன். ரெண்டு தடவ. ஒரு தடவ நீங்கதான் என்னைக் காப்பாத்துனீங்க. ரெண்டும் தப்புத்தான்."

"அப்ப இல்லாத தப்பு இப்ப வந்துருச்சா?"

"இப்ப அந்தச் சீட்டுல கடைசிக் கையெழுத்து என்றதுங்க்கா. 6,000 பீஸ் ஆர்டர். பையர் கியூசி 200 பீஸ் எடுப்பாரு. மேஜர் டிஃபெக்ட் பத்து வரைக்கும் பாஸ், பதினொண்ணுன்னா மொத்த லாட்டும் ஃபெயில். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்க. ரவுண்டு போக முடியலீன்னா 'பாக்கல'ன்னு எழுதுங்க. அதுக்கு ஒரு வார்த்த கேக்க மாட்டேன். பாக்காம ஓகே போட்டா அடுத்த தடவ எழுதித்தான் வாங்குவேன். உங்ககிட்டன்னு இல்ல, யாரா இருந்தாலும். இந்தத் தடவ பேச்சோட விடறேன்."

"மேனேஜருக்குப் போயிருச்சா?"

"ஏழு மணிக்குப் பேசறேன். ரவுண்டு மிஸ்ஸுன்னு சொல்லுவேன். யாருன்னு கேட்டா உங்க பேரைச் சொல்லுவேன். புதுப் புள்ளைக்குக் காமிச்சுட்டு இருந்தீங்கன்னும் சொல்லுவேன், அதும் நெசந்தான். அவரு வாயில கேக்கறதுக்கு முன்னாடி என்ற வாயில நீங்க கேக்கோணும்னுதான் கூப்பிட்டேன்."

டம்ளரை எடுத்தார். குடிக்காமல் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு. காலைல மூணாம் லைன்ல, நேத்து வரைக்கும் என்ற டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டவன்னு சொன்னீங்களாமா."

"பொய்யா?"

"பொய்யில்ல. நாளைக்கும் சாப்பிடுவேன், நீங்க குடுத்தா. ஆனா டெய்லருங்க சிரிச்சிருக்கறாங்க. அந்தச் சிரிப்பு அடங்கறதுக்குள்ள நான் போயி ஒருத்தர்கிட்ட பீஸைப் பிரிச்சுத் தைங்கன்னா தெப்பாங்களா? அந்த 'மேடம்'ங்கறதும் அப்படித்தான். மேடம்னு கூப்பிடறதுல எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க கூப்பிடறப்ப அது ஊசி மாதிரி ஏறுது."

"எனக்குப் பதினாலு வருசம், அம்மி..." நிறுத்திக்கொண்டார். "பதினாலு வருசம். உனக்கு ஏழு. இங்கிலீஷ்ல மெயில் போடத் தெரியுதுன்னு உன்னப் போட்டாங்க."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பமாட்டார், எனக்கும் வாய் வரவில்லை.

"ஆமா, அதுக்குத்தான் போட்டாங்க. துணியைப் பாக்கறதுல நீங்கதான் எச்சு. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வருத்தம் இருக்கத்தான் செய்யும். இங்க வந்து என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன். லைன்ல வேண்டாம்க்கா."

வெளியே ஹெல்பர் பையன்கள் கட்டிங் பண்டில்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை பேசவில்லை.

"சரி. இன்க்ரிமெண்ட் லிஸ்ட்டு உன்ற கைக்கு வந்திருக்குமே. என்ற பேரு இருக்குதா?"

அவர் செயினை அடகு வைத்தது அவர் வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். அப்படி இருந்தவர்கள் நாங்கள். இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பாத்தேன்க்கா. இருக்குதுன்னும் சொல்ல மாட்டேன், இல்லீன்னும் சொல்ல மாட்டேன். லெட்டர் வர்றப்பத்தான் எல்லாருக்கும்."

"ஓ."

"ஆனா ஒண்ணு பண்ணலாம். பையர் கியூசி ஃபைனலுக்கு வர்றப்ப என்கூட நில்லுங்க. சாயங்காலம் அரை மணி நேரம் ரிப்போர்ட்டு மெயிலு எழுதறதைக் காமிக்கறேன். அதனால போஸ்டிங் வரும்னு வாக்குக் குடுக்க என்னால ஆகாது. தெரியலீங்கற காரணத்தை இன்னொரு தடவ அவங்க சொல்லக்கூடாது, அவ்வளவுதான்."

பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "சனிக்கிழம தங்கச்சி மகளுக்குச் சீரு. ஒரு மணிக்குக் கெளம்போணும். என்ற சீட்டைச் சித்த பாத்துக்கறியா?" என்றார்.

"போயிட்டு வாங்க. உங்க சீட்டை முன்ன மாதிரி நான் எழுத முடியாதுங்க்கா. பர்மிஷன் சிலிப் குடுங்க, உங்க லைனை யாரு பாக்கறாங்கன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. போட்டுக்கறேன்."

"சிலிப்பு." தலையை ஆட்டிக்கொண்டே டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். கதவுவரை போனவர் அலமாரி முன்னால் நின்றுவிட்டார். பிரித்து வைத்திருந்த டேப் அட்டைப்பெட்டியைத் திருப்பினார். விரலால் ஒரு ரோலை இழுத்து, நகத்தால் அகலம் பார்த்தார்.

"நாலாம் லைனுக்கு இதுலருந்தா குடுத்தாங்க?"

"காலைல ரோல் மாத்துனாங்கன்னு எழுதியிருக்குது. ஒம்பது மணி சுமாருக்கு."

"இது 6 எம்எம். அப்ரூவல் சாம்பிள்ல 8. கைடு 8க்கு வெச்சதுல இத ஓட்டுனா உள்ள ஆடத்தான் செய்யும். மெக்கானிக் நூறு தடவ முறுக்குனாலும் நிக்காது."

நான் ரோலை வாங்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 6தான்.

"மத்த லைனுக்கு எத்தன ரோல் போச்சு?" என்று கேட்டபடியே பெட்டியைக் கீழே இறக்கினார். "ஸ்டோர்காரனக் கூப்புடு."

வாசலில் இரண்டு ஹெல்பர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கூப்புடுங்க," என்றார்.