பாதையில் கண்ட தம்பிலுவில் ஐயா

குருமண்வெளித் துறை. பங்குனி மாதத்துக் காலை வெயில். வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகும் பாதைப் படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்திவிட்டுத் திரும்பினால், கம்பியைப் பிடித்தபடி அவர் நிற்கிறார். தோளில் அதே சிவப்புக் கரைச் சால்வை. முகம் உடனே பிடிபட்டது, பேர்தான் தெரியாது. அன்று கேட்காமலே வந்துவிட்டேன்.

நான்: வணக்கம் ஐயா. தம்பிலுவில் ஐயாதானே? கார்த்திகையில் உங்கள் ஊர்க் கல்யாண வீட்டில் கண்டோம். நான் மாப்பிள்ளை பக்கத்து ஆள், அவரோடு ஒன்றாகப் படித்தவன். மழை பிடித்துக்கொண்டு, பந்தலில் கட்டின தறப்பாள் நிறைந்து சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் கொட்டுண்டதே, அந்த நேரம் நானும் நீங்களும் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினோம்.

ஐயா: ஓம் ஓம், தறப்பாள் கொட்டுண்டது! அதை மறக்கேலுமா? பொம்பிளையின் தாய் என் தங்கச்சி. அன்று அவள் அழாத குறை. சரி, நீங்கள்... பொறுங்கள் தம்பி, விறாந்தையில் நாலைந்து பேர் இருந்தோமே.

நான்: கடைசிப் பந்தியில் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தது நான். எங்கள் வயல் வட்டையில் நெல்லுக்கு அறக்கொட்டிப் பூச்சி என்று சொல்லிக் கவலைப்பட்டேன். நீங்கள் கை கழுவப் போன இடத்தில் ஒரு புல்லுக் கட்டையைப் பிடுங்கி வந்து காட்டினீர்கள்.

ஐயா: அட, மண்டூர்த் தம்பி! மூன்று ஏக்கர் செய்கிற தம்பி! இப்போதுதான் பிடிபடுகிறது. அன்று தலையெல்லாம் நனைந்து கோழி மாதிரி நின்றீர்கள். இன்று ஆளே வேறு. வாங்க, இந்த நிழலுக்குள் வாங்க. வேளாண்மை என்ன மாதிரி? அதைச் சொல்லுங்கள் முதலில்.

நான்: அதைச் சொல்லத்தான் ஐயா உங்களைக் கண்டதும் ஓடி வந்தேன். வெட்டு முடிந்து ஒரு கிழமை. ஏக்கருக்கு 25 மூடை வந்தது.

ஐயா: மெய்யாகவா! அறக்கொட்டி விட்டுட்டுப் போயிற்றா?

நான்: விடவில்லை ஐயா, வந்ததுதான். ஆனால் நீங்கள் சொன்னபடி செய்தேன். "இலையைப் பார்க்காதே, அடியைப் பார்" என்று அந்தப் புல்லை நெற்பயிர் மாதிரிப் பிடித்துக் காட்டினீர்களே. அதுவரைக்கும் வரம்பில் நின்று மேலே பார்ப்பேன், பச்சையாகத்தான் தெரியும். மற்ற நாள் காலையிலேயே இறங்கி, பயிரை விரித்து அடியைப் பார்த்தேன். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, மண் நிறத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தன. எனக்குக் கை கால் நடுங்கிற்று.

ஐயா: நடுங்கும்தான். அது சாறைக் குடித்துவிட்டால் வட்டம் வட்டமாகக் கருகிப் போகும். கருகின பிறகு என்ன அடித்தும் பிரயோசனம் இல்லை. தண்ணீரை வடித்தீர்களா?

நான்: அன்றைக்கே வக்கடையை வெட்டிவிட்டேன். பக்கத்து வயற்காரர் ஏசினார், "பயிர் வளருகிற நேரம் தண்ணீரை வடிய விடுகிறாயா" என்று. நாலு நாள் காய விட்டு, பிறகு கட்டினேன். அடி காய்ந்து காற்றுப் பட்டதும் குறைந்து போனது கண்ணுக்கே தெரிந்தது. யூரியாவையும் நிறுத்தினேன். இரண்டு மூடை வாங்கி வைத்திருந்தேன் ஐயா, போடாமல் வைத்திருப்பது பெரிய கஷ்டம். பயிர் கொஞ்சம் மஞ்சள் அடித்தால் கை தானாகப் பைக்குள் போகிறது.

ஐயா: எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் தகப்பன் காலத்தில் யூரியா இவ்வளவு இல்லை. நாங்கள்தான் கடும் பச்சை கண்டால் சந்தோசப்பட்டு அள்ளி அள்ளி எறிந்தோம். பச்சை கூடினால் தண்டு மெதுவாகும், அறக்கொட்டிக்கு அது விருந்து. மருந்து அடித்தீர்களா?

நான்: கடைக்காரர் இரண்டு போத்தலைக் கையில் தந்துவிட்டார். கடை வாசலில் நின்று உங்களைத்தான் நினைத்தேன். "சிலந்தி இருக்கிற வயலில் அவசரப்பட்டு அடிக்காதே, அது உன்னுடைய காவற்காரன்" என்றீர்கள். போய்ப் பார்த்தால் ஒவ்வொரு மூட்டிலும் சிலந்தி. போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு மூலை மட்டும், வாய்க்காற்கரையில் நெருக்கமாக முளைத்த இடம், கருகிப் போனது. அது என் பிழை. விதை கூட எறிந்துவிட்டேன்.

ஐயா: ஏக்கருக்கு எவ்வளவு எறிந்தீர்கள்?

நான்: மூன்று புசல்.

ஐயா: இரண்டு போதும் மனே. நல்ல விதை என்றால் இரண்டு தாராளம். நெருங்கினால் அடிக்குக் காற்றுப் போகாது. சின்னப்போகத்துக்கு ஒரு ஏக்கரில் மட்டும் செய்து பாருங்கள், நான் சொன்னேன் என்பதற்காக மூன்றிலும் செய்ய வேண்டாம்.

நான்: செய்கிறேன் ஐயா. அன்று உங்கள் பேரையும் கேட்கவில்லை, நம்பரையும் வாங்கவில்லை. மழையோடு வேன்காரர் அவசரப்படுத்தினார். தை மாதம் முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளையிடம் கேட்டால், "சால்வை போட்ட மாமாவா? அங்கே எல்லோரும் சால்வைதான்" என்கிறார்.

ஐயா: (சிரிக்கிறார்) அவருக்கு நான் மாமாதான். அவரோடு படித்தவர் என்றால் நீங்களும் மாமா என்றே கூப்பிடலாம். ஐயா என்றால் யாரோ வேற்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

நான்: சரி மாமா. இவ்வளவு தூரம் எங்கே?

ஐயா: மண்டூரில் அக்காவின் மகள் இருக்கிறாள். அவளுக்குப் பிறந்த பிள்ளைக்கு இன்று நாற்பத்தோராம் நாள். முருகனையும் கும்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்ப வேண்டும். அங்கே ஓட்டோ கிடைக்குமா?

நான்: ஓட்டோ எதற்கு மாமா? நான் ஏற்றிப் போகிறேன், வீடு கோயிலுக்குப் பக்கத்திலா?

ஐயா: கோயிலைத் தாண்டி. ஆனால் உங்களுக்கு வேலை கிடக்குமே.

நான்: சூடு அடித்து ஓய்ந்த ஆளுக்கு என்ன வேலை? போகிற வழியில் வயலையும் காட்டுகிறேன். கருகின மூலையை நீங்கள் ஒருக்கால் பார்க்க வேண்டும். அடிக்கட்டை இன்னும் நிற்கிறது, உழவில்லை.

ஐயா: அப்போ முதலில் வயலுக்குப் போவோம். வெயில் ஏறினால் வரம்பில் நிற்கேலாது. பிள்ளை வீட்டார் மத்தியானம் வரைக்கும் பார்த்திருப்பார்கள்.

நான்: நம்பரைச் சொல்லுங்கள் மாமா, பாதை கரை தட்ட முதல் போட்டுக்கொள்கிறேன். என்ன பேர் போட?

ஐயா: தறப்பாள் மாமா என்று போடுங்கள், மறக்காது.