பொருள்: திங்கட்கிழமை பணியில் சேர்வோருக்கு – முதல் நாள் விவரங்கள்

வணக்கம்.

உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம். இதை ஞாயிறு இரவே படித்துவிடுங்கள். காலையில் அலைய வேண்டியிருக்காது.

பையில் எடுத்து வைக்க வேண்டியவை: அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்களின் அசலும் நகலும், வங்கிக் கணக்கு விவரம், முந்தைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம். அசல்களைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தருவோம். யார் கேட்டாலும் விட்டுச் செல்லாதீர்கள். விடுவிப்புக் கடிதம் இன்னும் வரவில்லையென்றால் கவலை வேண்டாம். ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலின் நகல் இப்போதைக்குப் போதும். கடிதத்தை 30 நாட்களுக்குள் கொடுங்கள்.

காலை 9.30 மணிக்குத் தரைத்தள வரவேற்பறைக்கு வாருங்கள். அங்கே நுழைவு அட்டை கிடைக்கும். அடுத்து இரண்டாம் மாடியில் சான்றிதழ் சரிபார்ப்பு. 11 மணிக்கு மடிக்கணினி தருவார்கள். தற்காலிகக் கடவுச்சொல் அன்று மாலையே காலாவதியாகிவிடும் என்பதால், இருக்கையில் அமர்ந்ததும் மாற்றிவிடுங்கள். மதிய உணவுக்குப் பிறகு குழுத்தலைவர் வந்து அழைத்துச் செல்வார்.

வழியில் தாமதமானால் இந்த அஞ்சலுக்கே பதில் எழுதுங்கள். 8 மணி முதல் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே வந்த பிறகு, ஆவணம், சம்பளம் பற்றிக் கேட்க உள்எண் 214; கணினிச் சிக்கலுக்கு 230. சின்னச் சந்தேகம்தானே என்று தயங்காதீர்கள்.

அன்புடன்,
மனிதவளப் பிரிவு