நேரத்துக்கு வராத மகாராஜா அஜினுக்கு

லேய் அஜினு,

இத வாட்ஸ்அப்ல வாய்ஸா அனுப்பலாம்னுதான் இருந்தேன், ஆனா நீ அதையும் ரெண்டு நாள் கழிச்சுதான் கேப்ப, அதனால பேப்பர்ல எழுதி உங்கம்மை கையில குடுத்து விடுகேன். அவங்க உன்ன உக்கார வச்சு வாசிச்சுக் காட்டுவாங்க. எந்திச்சு ஓடப் பாக்காத, வாசல்ல உன் தங்கச்சிய காவலுக்கு நிறுத்தச் சொல்லிருக்கேன்.

நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மணிமேடைல நில்லு, இன்னா வந்துட்டேன்னு சொன்ன. நான் நின்னேன். லேய், அந்த மணிமேடை 1893ல ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா வந்து தொறந்து வச்சது, அன்னைலருந்து நாகர்கோவில்ல எத்தன தலமொற அதப் பாத்து வேலைக்குப் போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, உன்ன மட்டும் அதால ஒண்ணும் செய்ய முடியல. நான் அதுக்கு அடியிலேயே நின்னு அஞ்சு அடிச்சு, ஆறு அடிச்சு, ஆறரைக்கு நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்ட பாரு, "மக்கா பார்வதிபுரம் பாலத்துல நிக்கேன், பயங்கர பிளாக்கு, ஒரு வண்டி கூட நகரல". நல்லா இருந்துச்சு. ஆனா பின்னாடி தேங்கா திருவுற சத்தம் கேட்டுச்சு டே. பாலத்து மேல எவன்டே தேங்கா திருவுகான்? அதுக்கும் பின்னாடி உங்கம்மை "எலே, வெந்நி ஆறிப்போச்சு, குளிக்கியா இல்லியா"ன்னு போட்ட சத்தம் தெளிவா கேட்டுச்சு. அத நான் திருப்பித் திருப்பி போட்டுக் கேட்டேன், பக்கத்து சாயாக்கடை அண்ணனுக்கும் போட்டுக் காட்டுனேன், அவரு சிரிச்ச சிரிப்புல எனக்கு ஒரு பழம்பொரி சும்மா குடுத்தாரு. உன்னால எனக்கு ஆன ஒரே லாபம் அதான்.

உனக்காக நிக்கிறதுல நானும் பல விஷயம் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். அசாம்ல திப்ரூகர்லருந்து ஒரு ரயில் கெளம்புது, விவேக் எக்ஸ்பிரஸ், நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓடி, ஆறு மலை காடெல்லாம் தாண்டி, மூணு நாளுக்கு மேல ஆனாலும் கன்னியாகுமரி வந்து சேந்துருது. நீ கெளம்புறது தக்கலைலருந்து. சுசீந்திரம் தேருக்கு எஞ்சின் கெடையாது, ஊரு கூடி வடம் புடிச்சுதான் இழுக்கணும், அதுவே ரத வீதிய சுத்தி நிலைக்கு வந்துருது. உன்ன எத்தன பேரு சேந்து இழுக்கணும்னு சொல்லிரு, ஆளு ஏற்பாடு பண்ணுகேன். 1956 நவம்பர் 1ல நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்துச்சே, அன்னைக்கு ஒரு பேப்பர கொண்டு சேக்குற வேலைய உங்கிட்ட குடுத்துருந்தா இன்னைக்கும் நாம திருவிதாங்கூர்லதான் இருந்துருப்போம்.

சூரியன் உதிக்கிறத பாக்கலாம்னு கன்னியாகுமரிக்கு கூப்ட்டா அஸ்தமனத்துக்கு வந்து நிக்க. ரெண்டையும் ஒரே கரைல நின்னு பாக்கலாம்னு நம்ம ஊருக்கு ஒரு பெருமை உண்டு, ஆனா அது உனக்காக பண்ணுன ஏற்பாடு இல்ல மக்கா. எங்க சித்தி பிள்ளைங்க கோயம்புத்தூர்லருந்து அந்த கண்ணாடி பாலத்த பாக்கணும்னு ஆசையா வந்துச்சு, நீ வந்தாதான் போவோம்னு நான் வேற ரோஷமா நின்னேன், கடைசில படகு டிக்கெட்டே முடிஞ்சு போச்சு. 133 அடி திருவள்ளுவரும் 77 மீட்டர் பாலமும் கரைலருந்து பாத்தா கட்டைவிரல் உசரம் கூட இல்ல டே. அந்த சின்னப்பய இன்னும் போன்ல "அஜின் மாமா பாலத்துக்கு வந்துட்டாரா"ன்னு கேக்கான்.

சாப்பாட்டு விஷயத்துல கூட நீ திருந்தல, அதான் எனக்கு தாங்கல. போன மாசம் நம்ம கூட்டுக்காரன் கல்யாணத்துல கடைசிப் பந்தியும் எந்திச்ச பொறவு நீ வந்த. எலை எடுத்தாச்சு, பெஞ்ச தொடச்சாச்சு, அண்டாவ கவுத்து தேய்க்க ஆரம்பிச்சாச்சு. நீ வெக்கமே இல்லாம தேய்க்கிற அண்ணன் கிட்ட போயி, அடியில ஒட்டிக் கெடந்த அடப்பிரதமன வழிச்சு வாங்கி, எங்கயோ இருந்து ரெண்டு பப்படம் தேத்தி, ஒரு ரசகதலிப் பழத்தையும் உரிச்சுப் போட்டு, நின்ன எடத்துலயே பிசைஞ்சு தின்ன. எரிசேரி இருக்கான்னு வேற கேட்ட. சவத்த, நேரத்துக்கு வந்திருந்தா எலை போட்டு விளம்பியிருப்பாங்களேடே, நான் உனக்கு பக்கத்துல எலையே புடிச்சு வச்சிருந்தேன், அதுல வந்து உக்காந்த பெரியவருகிட்ட ஏச்சும் வாங்குனேன்.

இவ்வளவும் நான் மன்னிச்சிருவேன், ஒண்ணே ஒண்ணு மட்டும் இல்லன்னா. போன வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, நான் துபாய்ல கெடந்து பதறிக்கிட்டு உனக்கு போன் போட்டேன். நீ சட்ட கூட போடாம, தோள்ல ஒரு துண்டோட, பக்கத்து வீட்டுக்காரன் கதவ தொறக்குறதுக்கு முன்னாடி எங்க வீட்டு முற்றத்துல கார கொண்டு நிறுத்தினன்னு எங்கம்மை இன்னைக்கும் சொல்லிச் சொல்லி கண்ண தொடைக்காங்க. எங்கப்பா இன்னைக்கு திண்ணைல உக்காந்து பேப்பர் படிக்காருன்னா அதுக்கு நீதான் காரணம், அத நான் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா பாரு, அங்கதான்டே நீ மாட்டிக்கிட்ட. அப்போ உனக்கு நேரத்துக்கு வரத் தெரியும். உன் வண்டி ஓடுது, உன் காலு நடக்குது, எல்லாம் சரியாத்தான் இருக்கு. இத்தன வருஷமா எங்கிட்ட நடிச்சிருக்க. எனக்கு கெடைக்கிறது வருஷத்துக்கு ஒரு மாச லீவு, அதுல பாதிய நான் உன்ன எதிர்பாத்து ரோட்டோரத்துல நின்னே தீக்கேன், மீதிய உன்ன திட்டி தீக்கேன், பின்ன எப்பம்டே நாம ரெண்டு பேரும் பேசுறது?

சரி, விஷயத்துக்கு வாறேன். வர்ற வியாழக்கிழமை என் கல்யாணம், காலைல ஏழேகால்லருந்து எட்டுக்குள்ள முகூர்த்தம். மாலைய தோவாளை சந்தைலருந்து அஜின்தான் வாங்கிட்டு வரணும், வேற எவன் வாங்கிட்டு வந்தாலும் கழுத்துல போட விடமாட்டேன்னு எங்கம்மை ஒத்தக்கால்ல நிக்காங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், அம்மா அவன நம்பி மாலைய விட்டா நான் பொண்ணு கழுத்துல ஈரத்துண்டத்தான் போடணும்னு. கேக்கல. அந்த ராத்திரிக்கு பொறவு எங்க வீட்டுல உனக்கு எதிரா ஒரு வார்த்த செல்லாது.

அதனால கேட்டுக்கோ. புதன்கிழமை ராத்திரி நீ உன் வீட்டுல ஒறங்கப்பிடாது, எங்க வீட்டுல எங்கப்பா கட்டில் பக்கத்துல பாய் விரிச்சு ஒறங்கணும், அவரு நாலு மணிக்கு எந்திப்பாரு, அவரு இருமலுக்கு பொணமும் எந்திக்கும். சந்தைல ரெண்டு மாலையும் மணவறைக்கு பூவும் சொல்லி வச்சாச்சு, முன்பணமும் குடுத்தாச்சு, நீ பேரம் பேசிக்கிட்டு நிக்க வேண்டாம். சாயா வந்த பொறவு குடிக்கலாம். ஆரல்வாய்மொழில காத்தாடி சுத்துறத பாத்துட்டு வந்தேன்னு கத விடாத, அது எதிர் திசை. மண்டபத்துக்கு ஆறரைக்குள்ள வந்துட்டன்னா மொத பந்தில உன் எலை எனக்கு அடுத்த எலை, பிரதமன் வேணும்னா வாளியோட வச்சுக்கோ.

கெளம்பும்போது ஒரு போட்டோ அனுப்பு. உன் மூஞ்சி வேண்டாம், வண்டி ரோட்டுல நிக்கிற போட்டோ, மாலை சீட்டுல இருக்கணும்.

சுரேஷ்