கூட்டில் உதவும் பறவைகள்: தேர்வுக்கு முந்தைய கணக்குக் குறிப்பு

முதுகலை விலங்கியல் மாணவர்களுக்கு,

மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்தேன். 1964-இல் ஹாமில்டன் தந்த விதியை எல்லாரும் சரியாக எழுதியிருக்கிறீர்கள். மதிப்பெண் போனது கணக்கில், அதுவும் பெரும்பாலும் ஒரே தவறால். உதவி கிடைத்த கூட்டில் வளர்ந்த எல்லாக் குஞ்சுகளையும் உதவிய பறவையின் கணக்கில் ஏற்றிவிட்டீர்கள். உதவி இல்லாமலே பெற்றோர் வளர்த்திருக்கும் குஞ்சுகள் அதில் வராது. உதவியால் கூடுதலாகப் பிழைத்தவை மட்டுமே வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் உறவுக் கெழு, r. இரண்டு பறவைகளையும் இணைக்கும் பொது மூதாதையர் வழிகளை வரையுங்கள். ஒரு வழியில் L கண்ணிகள் இருந்தால் அதன் பங்கு (1/2)^L. எல்லா வழிகளின் பங்கையும் கூட்டினால் r.

உடன்பிறப்பு: தாய் வழி 1/4 + தந்தை வழி 1/4 = 0.5
ஒரு பெற்றோர் மட்டும் பொது: 1/4 = 0.25
உடன்பிறப்பின் குஞ்சு: 1/8 + 1/8 = 0.25
உடன்பிறப்புகளின் குஞ்சுகள் தமக்குள்: 1/16 + 1/16 = 0.125

அடுத்தது ஹாமில்டன் விதி, rB > C. இங்கே ஆதாயம் B, இழப்பு C இரண்டையும் குஞ்சுகளாக எண்ணினால் சொந்தக் குஞ்சுக்கும் r = 0.5 உண்டு என்பதை மறக்கக் கூடாது. அப்போது ஒப்பிட வேண்டியது: (கூடுதல் குஞ்சுகள் × அவற்றுடன் r) எதிர் (இழந்த சொந்தக் குஞ்சுகள் × 0.5). பெற்றோருக்கு உதவும்போது இரண்டு பக்கமும் 0.5 என்பதால், கூடுதல் குஞ்சுகள் இழந்தவற்றைவிட அதிகமாக இருந்தாலே போதும். அண்ணன் கூட்டில் உதவினால் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் எடுப்பது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. நம் ஏரிகளிலும் கண்மாய்களிலும் நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாய்ந்து மீனோடு எழும் அதே பறவைதான். கென்யாவில் விக்டோரியா, நைவாஷா ஏரிகளின் கரைகளில் ரேயர் இதை ஆராய்ந்தார். ஆண்கள் பெண்களைவிட அதிகம். துணை கிடைக்காத மகன் பெற்றோர் கூட்டிலேயே தங்கி மீன் கொண்டுவருகிறான், எதிரிகளை விரட்டுகிறான். இவன் முதன்மை உதவியாளன். உறவே இல்லாத ஆணும் குஞ்சு பொரித்தபின் வந்து மீன் கொடுக்கிறான். இவன் இரண்டாம் நிலை உதவியாளன். எந்தக் கூட்டிலும் சேராமல் காத்திருப்பவன் மூன்றாமவன்.

முதல் ஆண்டில் முதன்மை உதவியாளனால் 1.8 குஞ்சுகள் கூடுதல், சராசரி r = 0.32. ஆகவே மறைமுகத் தகுதி 1.8 × 0.32 = 0.58. இரண்டாமவனால் 1.3 கூடுதல், ஆனால் r = 0. விடை 0. மூன்றாமவனுக்கும் 0.

இரண்டாம் ஆண்டில் சொந்தக் குஞ்சு. குஞ்சுகள் 2.5 × r 0.5 × பிழைக்கும் வாய்ப்பு × துணை கிடைக்கும் வாய்ப்பு:

முதன்மை: 2.5 × 0.5 × 0.54 × 0.60 = 0.41
இரண்டாம் நிலை: 2.5 × 0.5 × 0.74 × 0.91 = 0.84
காத்திருப்பவன்: 2.5 × 0.5 × 0.70 × 0.33 = 0.29

உள்ளடக்கிய தகுதி முறையே 0.99, 0.84, 0.29. 0.54 என்ற எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். முதன்மை உதவியாளன் அதிகம் உழைக்கிறான், குறைவாகவே பிழைக்கிறான். அவன் இழப்பை ஈடுகட்டுவது அந்த 0.58. இரண்டாமவன் செய்வதை உறவுத் தேர்வு என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. அவன் ஆதாயம் முழுக்க நேரடித் தகுதி. துணை கிடைக்கும் 0.91-ஐப் பாருங்கள்.

0.32 ஏன் 0.5 ஆகவில்லை? ஒரு பெற்றோர் இறந்து புதுத் துணை வந்திருந்தால் பிறப்பது பாதி உடன்பிறப்பு. இரண்டு வகை மட்டுமே உள்ளதாகக் கொண்டால், முழு உடன்பிறப்பின் பங்கு p: 0.5p + 0.25(1 − p) = 0.32, எனவே p = 0.28. இதைத் தனி வினாவாகவும் கேட்பார்கள்.

ஐரோப்பாவின் நீண்ட வால் சிட்டு வேறு மாதிரி. தன் கூடு அழிந்தபின் அண்ணன் தம்பி கூட்டுக்குப் போய் உதவுகிறது. அந்தப் பருவத்தில் மறுபடி கூடு கட்ட நேரமில்லை என்றால் C கிட்டத்தட்ட 0. r = 0.25 என்றாலும், 1 குஞ்சு கூடுதலானால் லாபம் 0.25.

பயிற்சி: தாய் இறந்து தந்தை வேறு துணையோடு கூடு கட்டுகிறது. உதவியின்றி 2 குஞ்சுகள், உதவியோடு 4. மகன் தனியே கூடு கட்டினால் 1.5 குஞ்சு. உதவினால் 2 × 0.25 = 0.5, தனியே 1.5 × 0.5 = 0.75. உதவாமல் போவதே தேர்வாகும். 4 × 0.25 = 1 என்று போட்டால் விடை தலைகீழாகும்.